இரண்டு வருடமாக ஓடும் ஒரு 202: ராணிப்பேட்டை ரிப்போர்ட் அனுபவம்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு ஸ்டாக் ரிப்போர்ட் சர்வீஸ் எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. எந்த லாட் டிரம்மில் இருக்கிறது, எது ஃபினிஷிங்குக்குப் போய்விட்டது என்று மாதக் கணக்கை பிடிஎஃப்பாகத் தரும். தயாராக மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும்.

முதலில் ஒரே ரிக்வெஸ்டில் பதில் வருகிற மாதிரிதான் செய்திருந்தேன். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸில் `proxy_read_timeout` மாற்றாவிட்டால் 60 விநாடிதான். கணக்கு பார்க்கும் அண்ணனுக்கு 504 வரும், "தம்பி, ரிப்போர்ட் வரலப்பா" என்று சொல்லிக்கொண்டே மறுபடி அழுத்துவார். பின்னால் பழைய வேலையும் நிற்காமல் ஓடும். ஒரே ரிப்போர்ட் நான்கு முறை தயாராகி டேட்டாபேஸ் திணறும்.

அப்புறம் பதிலை இப்படி மாற்றினேன்:

```
HTTP/1.1 202 Accepted
Location: /reports/jobs/8f3a
Retry-After: 10
```

வேலையை வாங்கிக்கொண்டேன், பத்து விநாடி கழித்து இந்த முகவரியில் வந்து கேள் என்பதுதான் இதன் பொருள். வேலை முடியும் என்ற உறுதி 202-இல் கிடையாது. அதே மாதத்துக்கு ஏற்கனவே ஒரு வேலை ஓடினால் புதிதாகத் தொடங்காமல் பழைய முகவரியையே கொடுக்கிறேன். நான்கு தடவை அழுத்தும் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

ஆனால் வேறொன்று வந்தது. ஒரு மார்ச் முடிவில் ரிப்போர்ட் பெரிதாகி, மெமரி போதாமல் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வொர்க்கரையே கொன்றுவிட்டது. செத்த வொர்க்கர் தன் தோல்வியை எப்படி எழுதும்? டேபிளில் `running` அப்படியே நின்றது. மாலை வரை அந்தத் திரை சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. இப்போது வொர்க்கர் 15 விநாடிக்கு ஒருமுறை நேரத்தைப் பதிகிறது. கடைசிப் பதிவு இரண்டு நிமிடம் பழசு என்றால், ஸ்டேட்டஸ் முகவரியே `failed` என்று சொல்லிவிடும். அதையும் 200-ஆகத்தான் அனுப்புகிறேன். 500 அனுப்பினால், ஸ்டேட்டஸ் சர்வர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து கிளையன்ட் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

முடிந்ததும் 303 கொடுத்து பிடிஎஃப்புக்குத் திருப்பிவிடுவது அழகான வழி என்று நினைத்தேன். பிரவுசரின் `fetch` அந்தத் திருப்பலைத் தானே பின்தொடர்ந்துவிடும், நம் கோடுக்கு 303 தெரியவே தெரியாது. ஜேசனை எதிர்பார்த்த இடத்தில் பிடிஎஃப் வந்து விழுந்தது:

```
SyntaxError: Unexpected token '%'
```

அந்த `%` பிடிஎஃப் ஃபைலின் முதல் எழுத்து என்று புரிய ஒரு சாயங்காலம் ஆனது. சரி என்று, இப்போது `done` என்ற நிலையோடு ஃபைலின் முகவரியையும் ஜேசனுக்குள்ளேயே வைத்து 200 தருகிறேன். அண்ணன் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார், திரும்பி வரும்போது பிடிஎஃப் திறந்திருக்கிறது.