தீயில் இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய ஃபேனுக்கு எந்த கேபிள்?

ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மெயின் ஸ்விட்ச் ரூம் அடித்தளத்தில் இருக்கிறது. புகையை இழுத்து வெளியே தள்ளும் 15 கிலோவாட் ஃபேன் மொட்டை மாடியில். இடையில் 80 மீட்டர் கேபிள். முதல் 25 மீட்டர் அடித்தள கார் நிறுத்தத்தின் கூரையை ஒட்டிப் படுக்கையாகப் போகிறது, மீதி 55 மீட்டர் நெட்டாக மேலே ஏறுகிறது. கீழே கார்கள் எரியும்போதும் இந்த ஃபேன் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது எம்ஐ கேபிள்: செம்புக் குழாய்க்குள் செம்புக் கம்பிகள், இடையில் இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்ஸைடு தூள். இரண்டாவது, கம்பியின் மேல் மைக்கா டேப்போ சிலிக்கான் ரப்பரோ, அதற்கு மேல் புகை குறைவாக விடும் உறையோ போட்ட மென்மையான கேபிள். மூன்றாவது, குறுக்கிணைத்த பாலிஎத்திலீன் உறை போட்ட சாதாரண எக்ஸ்எல்பிஇ கேபிளையே இரண்டு மணி நேரம் தீ தாங்கும் ஷாஃப்டுக்குள்ளோ பெட்டிக்குள்ளோ கொண்டுபோவது. தீ எச்சரிக்கை அமைப்புகளுக்கான அமெரிக்க என்எஃப்பிஏ 72 விதியின் லெவல் 2 இந்த மூன்றையுமே ஏற்கிறது. ஆனால் அதை வைத்து மூன்றும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தீயில் மூன்றும் வெவ்வேறு விதமாகத் தோற்கின்றன.

சான்றிதழ் எதைச் சொல்கிறது

விலைப்பட்டியலில் அதிகம் கண்ணில் படுவது பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 6387, சி-டபிள்யூ-இசட். இதில் சி என்றால் 950 டிகிரியில் மூன்று மணி நேரம். டபிள்யூ என்றால் 650 டிகிரியில் தீயும் தண்ணீரும். இசட் என்றால் 950 டிகிரியில் தீயும் அதிர்ச்சியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று சோதனைகளும் தனித்தனித் துண்டுகளில் நடக்கின்றன. ஒரே கேபிள் மூன்றையும் அடுத்தடுத்துத் தாங்கியது என்று அர்த்தமில்லை. அதைவிட முக்கியம், சோதிக்கப்படுவது மேசை மேல் பர்னருக்கு முன்னால் பிடித்து வைத்த சின்னத் துண்டு கேபிள்தான். உங்கள் ட்ரே, கிளிப், ஆங்கர் எதுவும் அந்தச் சோதனையில் கிடையாது.

அமெரிக்கச் சோதனை நிறுவனமான யூஎல்-இன் 2196, ஜெர்மானியத் தரமான டிஐஎன் 4102-12 இரண்டும் வேறு வகை. அங்கே கேபிளைத் தாங்கிகளோடு சேர்த்து உலைக்குள் பொருத்திச் சுடுகிறார்கள். யூஎல் சோதனையில் இரண்டு மணி நேர முடிவில் உலை சுமார் 1,010 டிகிரியைத் தொடும், அதன் பிறகு தீயணைப்புக் குழாயால் தண்ணீரும் பீய்ச்சுவார்கள். செம்பு உருகுவது 1,085 டிகிரியில். இடைவெளி எவ்வளவு குறைவு என்று பாருங்கள்.

இந்தச் சோதனைகள் நமக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடம் 2012-இல் வந்தது. கண்ட்யூட்டுக்குள் இழுத்த தீத்தாங்கு கேபிள்கள் சோதனையில் சீராகத் தேறவில்லை என்று யூஎல் பல சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றது. ஆய்வில் கைகாட்டப்பட்ட காரணங்களில் ஒன்று கண்ட்யூட்டின் உட்புறத் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் ஆவியாகிவிடும். அது சூடான செம்போடு கலந்தால் பித்தளை மாதிரி ஒரு கலவை உண்டாகும், அதன் உருகுநிலை செம்பைவிடக் குறைவு. கேபிள் நல்லதாக இருந்தும், அதைச் சுற்றியிருந்த குழாயே அதைக் கெடுத்திருக்கிறது. அதனால்தான் இரண்டாவது வழியில் போகிறவர்கள் கேபிள் பெயரோடு நிறுத்தாமல், சான்றிதழில் எழுதியிருக்கும் கண்ட்யூட் வகை, கப்ளிங், இழுக்கப் பயன்படுத்தும் வழவழப்புப் பசை வரை அப்படியே வாங்க வேண்டும் என்கிறேன். ஒன்றை மாற்றினால் சான்றிதழ் உங்களுக்குப் பொருந்தாது.

தாங்கி இடைவெளி

எனக்குத் தெரிந்து தளத்தில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். 2010-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், ஷர்லி டவர்ஸ் தீயில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பிளாஸ்டிக் ட்ரங்கிங் உருகி, கேபிள்கள் கீழே தொங்கி, உள்ளே போனவர்களைச் சிக்க வைத்தன. அதற்குப் பிறகுதான் பிரிட்டனின் வயரிங் விதியான பிஎஸ் 7671-இல், தீயில் கேபிள் சீக்கிரமே விழாதபடி தாங்கிகள் இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். 2015-இல் தப்பிக்கும் வழிகளுக்கு மட்டும் இருந்தது, 2018 பதிப்பில் எல்லா இடத்துக்கும் ஆனது. அந்தக் கேபிள்கள் தீத்தாங்கு வகையா இல்லையா என்பது கூட இங்கே இரண்டாம் பட்சம். விழுந்த கேபிள் ஆளைக் கொல்லும், லோடையும் அணைக்கும்.

உருக்கு உருகாதே, பிறகு என்ன பயம் என்று கேட்கலாம். உருகாது, ஆனால் வலு போய்விடும். 600 டிகிரியில் பாதிக்கும் கீழே, 1,000 டிகிரியில் சுமார் 4 சதவீதம்தான் மிஞ்சும். அதனால் 60 முதல் 120 நிமிடத் தீக்கு, ட்ரேயைத் தொங்கவிடும் மரையிட்ட கம்பியில் சதுர மில்லிமீட்டருக்கு 6 நியூட்டனுக்கு மேல் இழுவை கூடாது என்று ஜெர்மானிய விதி வைத்திருக்கிறது. நம் கார் நிறுத்தக் கூரைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். எம்8 கம்பியின் பயன் பரப்பு சுமார் 36.6 சதுர மி.மீ. 6 ஆல் பெருக்கினால் 220 நியூட்டன், அதாவது ஒரு கம்பிக்கு சுமார் 22 கிலோ. ட்ரேயும் கேபிள்களும் சேர்ந்து மீட்டருக்கு 14 கிலோ, ஒவ்வொரு தாங்கியும் இரண்டு கம்பியில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தாங்கிகள் 1.2 மீட்டருக்கு ஒன்றாக இருந்தால் இரண்டு கம்பிக்கும் சேர்த்து 17 கிலோ, ஒன்றுக்கு 8.5. நிம்மதி. அதே ட்ரேயை வழக்கமான வேலைபோல 3 மீட்டருக்கு ஒன்றாகத் தொங்கவிட்டால் 42 கிலோ, கம்பிக்கு 21. குறுக்குச் சட்டத்தின் எடையையும் சேர்த்தால் எல்லையே தாண்டிவிடுகிறது. கம்பி மட்டுமல்ல, ட்ரேயில் விழும் வளைவு அழுத்தமும் நீளத்தின் வர்க்கத்தில் ஏறும், 3 மீட்டரில் ஆறு மடங்குக்கு மேல். டிஐஎன் 4102-12-இன் நிலையான ட்ரே அமைப்பு 1.2 மீட்டரில் நிற்பது இதனால்தான்.

மென்மையான கேபிளுக்கு இதோடு இன்னொரு சிக்கல். தீ பட்டதும் சிலிக்கான் எரிந்து வெள்ளை மண் போன்ற பொருளாகிறது. அதுதான் இனி இன்சுலேஷன். அசைத்தால் உதிரும். கிளிப்புகளுக்கு இடையில் கேபிள் தொய்ந்தால் அந்த வளைவில்தான் முதல் விரிசல் விழும். அதனால் கூரையில் ஒற்றைக் கிளிப்பாகப் போட்டால் டிஐஎன் நிலையான அமைப்பில் 300 மி.மீ. இடைவெளிதான். அமெரிக்க விதியில் தீயிலும் சுற்று அறாமல் இருக்க வேண்டிய, தீ எச்சரிக்கைக்கான சிஐ கேபிளுக்கு 610 மி.மீ., தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரம் வரை 450 மி.மீ., பொருத்திகள் உருக்காக இருக்க வேண்டும். எம்ஐ கேபிள் தன்னாலேயே விறைப்பாக இருப்பதால் பொது வயரிங் விதி 1.8 மீட்டர் வரை விடுகிறது. ஆனால் அது தீக்கான கணக்கு இல்லை. தீச்சான்றிதழில் இதைவிடக் குறுகிய இடைவெளி இருந்தால் அதுதான் செல்லும்.

நெட்டாக ஏறும் 55 மீட்டரில் எடை முழுக்கக் கேபிளின் செம்புக் கம்பியின் மேல். சிவந்த செம்பு தன் எடையைத் தூக்காது, கண்ட்யூட்டுக்குள் வழுக்கி இறங்கும். ட்ரேயில் ஏறும் கேபிளுக்கு 3.5 மீட்டருக்கு ஒரு முறை உண்மையான பிடிப்பு வேண்டும் என்று டிஐஎன் கேட்கிறது. வெறும் கிளிப் போதாது, கேபிளைக் கொஞ்சம் வளைத்துத் தாங்கவைப்பதோ தளத்தில் தீத்தடுப்பு அடைப்பால் இறுக்குவதோ வேண்டும்.

சூடான செம்பின் வோல்டேஜ் டிராப்

ஃபேன் மோட்டார் சுமார் 28 ஆம்பியர் இழுக்கும். 6 சதுர மி.மீ. கேபிள் போட்டிருக்கிறோம், குளிர்ந்த நிலையில் கிலோமீட்டருக்கு 3.08 ஓம். வழக்கமான கணக்கில், 70 டிகிரியில், 80 மீட்டருக்கு 0.295 ஓம், மூன்று பேஸ் 400 வோல்ட்டில் பவர் ஃபேக்டர் 0.85 என்று வைத்தால் 12 வோல்ட் இழப்பு, 3 சதவீதம். எல்லாரும் சரி என்று கையெழுத்துப் போடுவார்கள்.

தீயில் 25 மீட்டர் துண்டு 1,000 டிகிரியை எட்டினால், வழக்கமான சூத்திரப்படி அதன் தடை குளிர்ந்த நிலையைப்போல சுமார் 4.85 மடங்கு. மீதி 55 மீட்டர் 70 டிகிரியிலேயே, கிலோமீட்டருக்கு 3.69 ஓமில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
25 மீ × 3.08 × 4.85 / 1000 = 0.373 ஓம்
55 மீ × 3.69 / 1000        = 0.203 ஓம்
மொத்தம்                     = 0.576 ஓம்
```

ஓடும்போது இழப்பு 24 வோல்ட், 6 சதவீதம். இன்னும் ஓடும். பிரச்சினை, தீ நடுவில் மோட்டார் நின்று மறுபடி ஸ்டார்ட் ஆகும்போது. நேரடி ஸ்டார்ட்டில் சுமார் 170 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.4 அளவுக்கு இறங்கியிருக்கும், அப்போது சுமார் 70 வோல்ட் போய்விடும், 17 சதவீதத்துக்கு மேல். திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்தில் குறைவதால் மூன்றில் இரண்டு பங்குதான் மிச்சம். மாடியில் ஸ்டார்டர் அதே லைனிலிருந்து கன்ட்ரோல் சப்ளை எடுத்தால், வோல்டேஜ் 85 சதவீதம் வரை இருந்தால்தான் சரியாக ஒட்டும் என்று உறுதி தரும் கான்டாக்டர் படபடவென்று அடித்துக்கொள்ளலாம். 10 சதுர மி.மீ. போட்டால் ஸ்டார்ட் இழப்பு 11 சதவீதத்துக்குள் அடங்கும். தீத்தாங்கு கேபிளின் அளவை இந்தக் கணக்கில்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வழியின் பலம் இந்த இடத்தில் தெரிகிறது. நல்ல ஷாஃப்டுக்குள் செம்பு அவ்வளவு சூடாகாது. ஆனால் இரண்டு மணி நேரச் சுவர் என்பது பின்பக்கம் குளிர்ந்தே இருக்கும் என்ற வாக்குறுதி இல்லை. வழக்கமான சோதனை பின்பக்கம் சராசரியாக 139 டிகிரி ஏறுவதை அனுமதிக்கிறது, அதாவது 160 டிகிரி அளவுக்குப் போகலாம். அந்தச் சூட்டில் பிவிசி இளகும், எக்ஸ்எல்பிஇ அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதனால் ஷாஃப்டுக்குள் பிவிசி கேபிள் வேண்டாம், கேபிள் சுவரை ஒட்டாமல் போகட்டும். பெட்டிக்குள் காற்று ஓடாததால், எரியாத சாதாரண நாளிலேயே கரண்ட் தாங்கும் அளவைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். பராமரிப்புக் கதவும் அதே இரண்டு மணி நேரத் தரத்தில் இருக்க வேண்டும்.

என் தேர்வு

இந்த ஃபேனுக்கு நான் பிரித்துப் போடுவேன். தீயும் தண்ணீரும் நேராக விழும் 25 மீட்டருக்கு எம்ஐ கேபிள், 10 சதுர மி.மீ., உருக்குப் பட்டையில். ஏறும் 55 மீட்டர் தனக்கென்று ஒரு ஷாஃப்டில் எக்ஸ்எல்பிஇ. இரண்டும் சேரும் பெட்டி கார் நிறுத்தத்தில் இருக்கவே கூடாது, ஷாஃப்டுக்குள் முதல் அடியில் இருக்க வேண்டும். எம்ஐ கேபிளின் முனை அடைப்பு அதன் உடலைப் போலத் தீ தாங்காது. இதே கட்டடத்தில் ஒலிபெருக்கிக்கும் எச்சரிக்கை மணிக்கும் நூறு இடத்துக்கு மெல்லிய லைன் போக வேண்டும் என்றால், மைக்கா டேப் கேபிளைத்தான் எடுப்பேன். அங்கே எம்ஐ போட்டால் முனைகள் மட்டுமே வேலையைத் தின்றுவிடும்.

எம்ஐ எடுத்தால் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். வெட்டிய முனையைத் திறந்தே வைத்தால் அந்தத் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அடைப்பு போடும் முன்னும் பின்னும் இன்சுலேஷன் தடையை 500 வோல்ட் மெக்கரில் அளந்து பாருங்கள். முதலில் உயர்ந்து நின்ற அளவு மறுநாள் சரிந்திருந்தால் முனையில் ஈரம் ஏறியிருக்கிறது. உள்ளிருந்து முனையை நோக்கிச் சூடு காட்டி ஈரத்தை விரட்டி, கொஞ்சம் வெட்டி, மறுபடி அடைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கூரைக்கு ஏணி போட்டு ஒரு கிளிப்பையாவது கழற்றிப் பாருங்கள். உருக்குக் கிளிப்பாக இருந்தாலும், அதன் திருகு பிளாஸ்டிக் பிளக்கில் ஏறியிருந்தால் அந்த வரிசை முழுக்கத் தீ தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே விழும். அலுமினிய ரிவெட்டும் அப்படியே, 660 டிகிரியில் உருகிவிடும். கான்கிரீட்டில் தீக்குச் சான்றிட்ட உலோக ஆங்கர் இருக்கிறதா, அது சான்றிதழ் சொல்லும் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, கிளிப்புக்குக் கிளிப் டேப் வைத்து அளந்து, அந்த அளவைச் சான்றிதழ் எண்ணோடு வரைபடத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.