விலக்கும் ஃபண்டும் மதிப்பெண் போடும் ஃபண்டும்

மனசாட்சிக்கு ஒத்துவரும் இடத்தில்தான் பணம் போடுவேன் என்று வருபவருக்கு இந்தியாவில் முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஷரியா விதிப்படி நடக்கும் ‘எத்திக்கல்’ ஃபண்டு. மற்றது, சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றிலும் நிறுவனங்களுக்கு மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இ.எஸ்.ஜி. ஃபண்டு. இரண்டையும் ‘நல்ல ஃபண்டு’ என்று ஒரே கூடையில் போடுகிறார்கள். ஆனால் இரண்டும் கேட்கும் கேள்விகளே வேறு.

ஷரியா வடிகட்டி முதலில் தொழிலைப் பார்க்கிறது. மது, புகையிலை, சூதாட்டம், வட்டித் தொழில் எதுவும் உள்ளே வராது. வங்கிகள் மொத்தமும் அங்கேயே நின்றுவிடும். அதன் பிறகு கணக்குப் புத்தகம். நிஃப்டி ஷரியா குறியீடுகளின் விதிப்படி வட்டிக்கு வாங்கிய கடன் மொத்தச் சொத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வட்டி வருமானம் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

இது நடைமுறையில் என்ன செய்யும் என்று போட்டுப் பார்ப்போம். ஒரு சிமென்ட் நிறுவனத்துக்கு 1,000 கோடி ரூபாய் சொத்து, 240 கோடி கடன். தேறிவிட்டது. ஆலையை விரிவாக்க இன்னும் 20 கோடி வாங்குகிறது. சொத்து 1,020 கோடி, கடன் 260 கோடி, விகிதம் 25.5 சதவீதம். வெளியே. இன்னொரு பக்கம், கடனே இல்லாத மென்பொருள் நிறுவனம் ஒன்று. வருமானம் 500 கோடி. அதில் வங்கி டெபாசிட் வட்டி 16 கோடி. 3.2 சதவீதம். அதுவும் வெளியே. இந்தக் கணக்கில் சிமென்ட் சூளையின் புகைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலிக்கும் எங்குமே இடமில்லை. ‘எத்திக்கல்’ என்ற சொல் மறைப்பது இதைத்தான். இங்கே அறம் என்பது வட்டி, விலக்கப்பட்ட தொழில் ஆகிய இரண்டோடு முடிந்துவிடுகிறது.

சரி, புகையைப் பார்ப்பது இ.எஸ்.ஜி.தானே? பார்க்கிறது. ஆனால் பெரும்பாலும் அதே துறையிலிருக்கும் மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான். 2022 மே மாதத்தில் எஸ் அண்ட் பி 500 இ.எஸ்.ஜி. குறியீட்டிலிருந்து டெஸ்லா நீக்கப்பட்டது. எண்ணெய் நிறுவனமான எக்ஸான் மொபில் உள்ளேயே இருந்தது. பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. விதியைப் படித்தால் புரியும். ஒவ்வொரு துறைக் குழுவிலும் மதிப்பெண்ணில் கடைசிக் கால் பங்கில் இருப்பவை வெளியேறும். டெஸ்லாவோடு போட்டியிட்டவை கார் கம்பெனிகள். தொழிற்சாலையில் இனப் பாகுபாட்டுப் புகார்கள், ஓட்டுநர் உதவி மென்பொருள் சம்பந்தப்பட்ட விபத்து விசாரணையைக் கையாண்ட விதம் போன்றவை அதன் இடத்தை இறக்கின. எக்ஸான் போட்டியிட்டது எரிசக்தி நிறுவனங்களோடு. எண்ணெய் எடுக்கலாமா என்ற கேள்வியை அந்தத் தேர்வில் யாரும் கேட்கவே இல்லை.

நம் ஊர் இ.எஸ்.ஜி. ஃபண்டுகளில் எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் வங்கிகள். மாதாந்தரப் போர்ட்ஃபோலியோ தாளைத் திறந்தால் பெரும்பாலும் முதல் வரிகளிலேயே தனியார் வங்கிகள் இருக்கும். ஒரு வங்கியின் சொந்தக் கரிக் கணக்கு என்பது ஜெனரேட்டர் டீசலும் கிளைகளின் மின்சாரமும்தான். டீசல் ‘ஸ்கோப் 1’, வாங்கும் மின்சாரம் ‘ஸ்கோப் 2’. அனல் மின் நிலையத்துக்கு அது கொடுத்த கடனால் எழும் புகை ‘ஸ்கோப் 3’ என்ற கணக்கில் சேரும். நிறுவனங்கள் வெளியிடும் விவரங்களுக்குப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபி உறுதிச் சான்று கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். கோர் பட்டியலில் கரிக் கணக்காக இருப்பவை ஸ்கோப் 1, ஸ்கோப் 2 மட்டுமே. தாளில் வங்கி சுத்தமாகத் தெரிவதற்கு இதுவே பெரிய காரணம்.

2023 ஜூலையில் செபி இந்த ஃபண்டுகளை விலக்கல், ஒருங்கிணைப்பு, துறையில் சிறந்தவை, தாக்கம், நிலைத்த நோக்கம், மாற்றப் பாதை என ஆறு உத்திகளாகப் பிரித்தது. சொன்ன உத்தியில் குறைந்தது 80 சதவீதப் பணம் இருக்க வேண்டும். உத்தியைப் பெயரிலேயே எழுதுவதால் பாதிக் குழப்பம் தீர்கிறது. ‘எக்ஸ்க்ளூஷனரி’ என்றிருந்தால் சிலவற்றை விலக்குகிறார்கள் என்று மட்டுமே பொருள். மிச்சமிருப்பவை நல்லவை என்று யாரும் உறுதி சொல்லவில்லை. எதை, வருமானத்தில் எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் விலக்குவார்கள் என்பது திட்ட ஆவணத்தில் இருக்கும். அந்த ஒரு பக்கத்தை அவசியம் படியுங்கள்.

வட்டி கூடாது என்பது உங்கள் நம்பிக்கையென்றால் ஷரியா ஃபண்டு சொன்னதைச் செய்கிறது. அதன் விதி எண்ணாக இருப்பதால் எவரும் சரிபார்க்கலாம். ஆனால் நிஃப்டி 50-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிதித்துறை என்பதால், வங்கிப் பங்குகள் ஓடும் வருடங்களில் நீங்கள் பின்தங்குவீர்கள். சுற்றுச்சூழல்தான் உங்கள் கவலை என்றால், இ.எஸ்.ஜி. ஃபண்டின் முதல் 10 பங்குகளையும் அதே ஃபண்டு நிறுவனம் நடத்தும், பெரிய நிறுவனங்களில் பணம் போடும் சாதாரண லார்ஜ் கேப் ஃபண்டின் முதல் 10 பங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழெட்டுப் பெயர்கள் ஒன்றாக இருந்தால், நீங்கள் வாங்குவது கிட்டத்தட்ட அதே லார்ஜ் கேப் ஃபண்டுதான். அப்புறம் இரண்டின் செலவு விகிதத்தையும் பாருங்கள்.