காமாலையைப் படம் பிடிக்கும் கைப்பேசி கேமரா: நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

நண்பர் ஒருவர் பிறந்து மூன்று நாளான தன் குழந்தையின் படத்தை அனுப்பி, "மஞ்சளா இருக்கா, பார்த்துச் சொல்லேன்" என்று கேட்டார். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருவது கேட்டவர் மேல் இல்லை, கேமரா மேல்தான். பல வருடங்களாகப் பல கைப்பேசிகளில் காமாலைப் படங்களை எடுத்தும் பார்த்தும் வருகிறேன். மெகாபிக்சல், ஜூம் பற்றியெல்லாம் எனக்குக் குறையே இல்லை. குறை ஒன்றே ஒன்று: ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்.

வேறு எந்தப் படத்துக்கும் இது நல்ல வசதிதான். விளக்கு மஞ்சளாக இருந்தாலும் நீலமாக இருந்தாலும், வெள்ளைச் சட்டை வெள்ளையாகத் தெரியும்படி கேமரா நிறத்தைச் சரிசெய்துவிடும். அதற்கு, 'இந்தக் காட்சியின் மேல் விழும் ஒளி என்ன நிறம்' என்று அது ஊகிக்க வேண்டும். படத்தில் மஞ்சள் மிகுந்திருந்தால், பொருள் மஞ்சளா, விளக்கு மஞ்சளா என்று அதனால் உறுதியாகப் பிரிக்க முடியாது. விளக்குதான் மஞ்சள் என்று முடிவுசெய்துவிட்டால் நீலத்தைக் கூட்டிவிடும். காமாலை உள்ள குழந்தையின் முகம் படச்சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் நடப்பது இதுதான். நாம் தேடிய நோயையே கேமரா பிழை என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது.

நண்பரிடம் இரண்டு படம் கேட்டேன். இரண்டும் பகலில், ஒரே சன்னலருகே, ஒரே கைப்பேசியில், அடுத்தடுத்து எடுத்தவை. முதல் படத்தில் முகம் மட்டும் நெருக்கமாக. ஓரத்தில் வெள்ளைத் துணியின் நுனி. இரண்டாவதைச் சற்றுத் தள்ளி நின்று எடுத்திருந்தார். குழந்தையைச் சுற்றி அதே வெள்ளைத் துணி நிறையத் தெரிந்தது. முதல் படத்தில் குழந்தை இளஞ்சிவப்பாக, பார்க்கவே அழகாக இருந்தது. இரண்டாவதில் மஞ்சள் தெளிவாகத் தெரிந்தது.

நிற அளவு காட்டும் செயலியில் கன்னத்தையும் துணியையும் தொட்டுப் பார்த்தேன். முதல் படத்தில் துணியின் சிவப்பு 209, பச்சை 218, நீலம் 243. அதாவது வெள்ளைத் துணி வெள்ளையாக இல்லை, நீலம் பாய்ந்திருக்கிறது. திருட்டு அங்கேயே பிடிபட்டுவிடுகிறது. கன்னத்தின் நீலம் 121. இரண்டாவது படத்தில் துணி மூன்றிலும் 225, கன்னத்தின் நீலம் 112. இப்போது துணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 243-க்கு 121, 225-க்கு 112. இரண்டிலும் ஏறக்குறையப் பாதி. குழந்தையின் தோல் துளிகூட மாறவில்லை, மாறியது கேமராவின் கணக்கு மட்டும்தான்.

நீலத்தை மட்டும் ஏன் பார்த்தேன் என்றால், காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பிலிரூபின் என்ற நிறமி விழுங்குவது நீல ஒளியைத்தான், சுமார் 460 நானோமீட்டர் பக்கத்தில். தோலில் அது கூடக்கூட, திரும்பி வரும் நீலம் குறையும். அதுவே நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. ஆனால் இந்த 'பாதி' என்ற விகிதத்தை வைத்து இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று யாரும் கணக்குப் போட்டுவிட வேண்டாம். தோலுக்குக் கருமை தரும் மெலனினும் நீலத்தை விழுங்கும். மாநிறக் குழந்தையின் கன்னத்தில் காமாலையே இல்லாமலும் நீலம் குறைவாகத்தான் இருக்கும். அப்புறம், கேமரா சேமிக்கும் எண்கள் ஒளியின் நேரடி அளவும் அல்ல. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று வளைத்துத் தருபவை. இந்த விகிதத்தால் தெரிந்தது ஒன்றுதான்: அழகாக இருந்த முதல் படத்தை நம்பக் கூடாது. அன்று மாலையே இரத்தப் பரிசோதனை செய்தார்கள், குழந்தையை நீல விளக்கின் கீழ் கிடத்தும் ஒளி சிகிச்சை தேவைப்பட்டது.

மஞ்சள் ஒளி தரும் விளக்கு இதற்கு நேர் எதிர். 2700 கெல்வின் வகை விளக்கின் கீழ் கேமரா நிறத்தை முழுதாகச் சரிசெய்வதில்லை. அறையின் கதகதப்பு படத்தில் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கொஞ்சம் மஞ்சளை விட்டுவைக்கிறது. அதனால் நல்ல குழந்தையும் மஞ்சளாகத் தெரியும், பெற்றோர் நள்ளிரவில் பதறுவார்கள். அதே விளக்கின் கீழ் நேரில் பார்த்தால் காமாலை கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது இன்னொரு வேடிக்கை. அந்த ஒளியில் நீலமே குறைவு. பிலிரூபின் விழுங்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது? மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிப்போகிறது. பகல் வெளிச்சத்தில் பாருங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒளி சிகிச்சை விளக்கின் கீழ் எடுத்த படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் நீலம். வரி வரியாகப் பட்டைகளும் விழும். சிகிச்சை முடிந்த பிறகு எடுக்கும் படம் அதைவிட மோசம், ஏனென்றால் அது நம்பும்படியாக இருக்கும். ஒளி பட்ட தோலில் பிலிரூபின் முதலில் வெளுத்துவிடும். இரத்தத்தில் அளவு அந்த வேகத்தில் இறங்கியிருக்காது. தோலின் மேல் வைத்து அளக்கும் கருவியையே அந்தச் சமயத்தில் நாங்கள் நம்புவதில்லை, படத்தை எப்படி நம்புவது?

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். திரையில் நீளமாக அழுத்தினால் 'பூட்டப்பட்டது' என்று வரும் அல்லவா, அது ஒளி அளவையும் குவியத்தையும் பூட்டுவது. ஒயிட் பேலன்ஸும் சேர்ந்து பூட்டிக்கொண்டது என்று நம்ப முடியாது. அதற்கு ப்ரோ மோடுக்குப் போய், கெல்வின் எண்ணை நாமே 5500 என்பதுபோல் ஒன்றில் நிறுத்த வேண்டும். பல கைப்பேசிகளில் இந்த வசதி உள்ளே எங்கோ புதைந்திருக்கிறது, சிலவற்றில் இல்லவே இல்லை. ஆனால் முகத்தை மெருகேற்றும் வசதி மட்டும் கேட்காமலேயே முன்னால் வந்து நிற்கும்!

சரி, திட்டியது போதும். இதே கேமரா எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சியும் கொடுத்திருக்கிறது, பெரியவர்களின் கண்ணில். கண்ணின் வெள்ளைப் பகுதியில் தோலில் உள்ளதுபோல் மெலனின் குறுக்கே நிற்பதில்லை. பெரியவர்களுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் பிலிரூபின் 2.5 முதல் 3 மில்லிகிராம் எட்டும்போதே நல்ல வெளிச்சத்தில் அங்கே மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். குழந்தையின் தோலில் தெரிய ஏறக்குறைய 5 ஆக வேண்டும். என் உறவினர் ஒருவருக்குப் பித்தநாள அடைப்பு நீக்கி உள்ளே குழாய் வைத்தார்கள். அதன்பின் தினமும் காலையில் ஒரே சன்னலுக்கு முன் உட்காரவைத்து, கன்னத்தோடு ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அவரைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி ஒரு படம் எடுத்தேன். இமை மூடியிருக்கும் அந்த மேல் பகுதிதான் நல்ல இடம். இமைகளுக்கு நடுவே எப்போதும் வெளியே தெரியும் பகுதியில் வெயிலும் தூசும் வயதும் சேர்ந்து பழுப்பும் மஞ்சளும் படிந்திருக்கும், மாநிறத்தவருக்கு அது இன்னும் சகஜம். பலர் அதைப் படத்தில் பார்த்துக் காமாலை என்று பயப்படுகிறார்கள். உள்ளங்கை மட்டும் மஞ்சளாகிக் கண் வெள்ளையாகவே இருந்தால், அது பெரும்பாலும் கேரட் போன்ற உணவிலுள்ள கரோட்டின் என்ற நிறமி சேர்ந்ததாக இருக்கும்.

அந்தப் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது மஞ்சள் நாளுக்கு நாள் வடிவது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. சிறுநீர் சீக்கிரமே பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. கண் மட்டும் பிடிவாதமாக மஞ்சளாகவே இருந்ததைப் பார்த்து அவர் பயந்தார். நீண்ட நாள் அடைப்பில் பிலிரூபினில் ஒரு பகுதி ஆல்புமின் புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அது சிறுநீரில் இறங்காது, இரத்தத்திலிருந்து பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். படங்களில் மஞ்சள் மெதுவாகவாவது இறங்கிக்கொண்டிருந்ததால் அவருக்குத் தைரியம் வந்தது. ஏறியிருந்தாலோ, காய்ச்சல் குளிரோடு வந்திருந்தாலோ, படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம். குழாய் அடைத்துவிட்டதா என்று பார்க்க நேராக மருத்துவமனைக்குத்தான்.

ஃபிளாஷ் போட்டால் என்ன என்று கேட்பார்கள். ஈரமான கண்ணில் அது பளிச்சென்று வெள்ளைப் பொட்டாக விழும், பார்க்க வேண்டிய இடத்தையே மறைக்கும். அந்தப் பொட்டைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி எடுத்தால் பயன் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உருவாக்கிய முறையில் ஃபிளாஷோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடுகிறார்கள். அறை விளக்கின் பங்கு போய், ஃபிளாஷின் பங்கு மட்டும் மிஞ்சும். என்ன விளக்கு என்று ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் குழந்தைகளுக்காக உருவாக்கிய முறையில், மார்பின் மேல் நிற அட்டை ஒன்றை வைத்துப் படம் எடுப்பார்கள். வழி வேறானாலும் இருவரும் தவிர்ப்பது ஒன்றைத்தான்: கேமராவின் ஊகம்.

படத்தைப் பார்க்கிற திரையையும் கவனியுங்கள். இரவில் நீல ஒளியைக் குறைக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் எல்லார் கண்ணும் மஞ்சள்தான். செய்திச் செயலி வழியாக அனுப்பும்போது படம் சுருங்கும், அதில் வெளிச்சத்தைவிட நிறம்தான் அதிகம் நசுங்கும். குழந்தையின் கண்ணில் வெள்ளை தெரிவதே ஒரு கீற்று. அதன் நிறம் பக்கத்திலுள்ள இமையின் நிறத்தோடு கலந்துவிடும். படத்தைக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

தீர்ப்பு கேட்டால், பெரியவர்களின் கண்ணுக்கு, ஒரே இடத்தில் ஒரே ஒளியில் தொடர்ந்து எடுப்பதானால், இந்தக் கேமராவை மனதாரப் பரிந்துரைப்பேன். பச்சிளம் குழந்தைக்கு மாட்டேன். ஒயிட் பேலன்ஸைப் பூட்டி, வெள்ளைத் துணி வைத்து, சன்னலருகே எடுத்தாலும் மாட்டேன். காமாலை முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும், எல்லாரும் எனக்கு அனுப்புவதோ முகத்தை மட்டும்தான். முழுக் குழந்தையை நேரில் பார்ப்பவர்களே கண்மதிப்பில் ஏமாறுகிறார்கள் என்பதால்தான் அளந்து பார்க்கிறோம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ, மலம் வெளுத்துப் போனாலோ, இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாவிட்டாலோ எனக்குப் படம் அனுப்பாதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். படத்தில் மஞ்சள் தெரிந்தால் அளக்கச் சொல்வேன். தெரியாவிட்டால் "ஒன்றுமில்லை" என்ற பதில் என்னிடமிருந்து வராது, நண்பராக இருந்தாலும் சரி.