மஞ்சள் எழுத்தா, கறுப்புப் பின்னணியா? டிவி சப்டைட்டில் ஓர் அலசல்

சப்டைட்டில் சரியாகத் தெரியவில்லை என்றால் பலரும் முதலில் செய்வது எழுத்தை மஞ்சளாக்குவதுதான். என் பார்வையில் மூன்றாவதாகச் செய்ய வேண்டியது அது. முதலில் பின்னணி, அடுத்து அளவு, கடைசியில்தான் நிறம்.

எழுத்துக்கும் அதன் பின்னாலிருப்பதற்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை அளக்க ஒரு விகிதம் உண்டு. இணையப் பக்கங்களில் சாதாரண அளவு எழுத்துக்கு அது குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் தரம். கறுப்பின் மேல் வெள்ளை எழுத்துக்கு 21, மஞ்சளுக்கு 19.6. இரண்டுமே தாராளம். ஆனால் திரையில் வெள்ளை வேட்டியோ பட்டப்பகல் வானமோ வரும்போது வெள்ளை எழுத்து முழுக்கக் கரைந்துவிடும். மஞ்சளுக்கும் அங்கே 1.07தான் கிடைக்கும். மஞ்சள் வெள்ளையைப் போலவே வெளிச்சமான நிறம் என்பதால், பின்னணி இல்லாத மஞ்சள் நம்மைக் காப்பாற்றாது.

கறுப்புப் பட்டை போட்டால் படம் மறைகிறதே என்று சிலர் அதைக் கண்ணாடி போல மெல்லியதாக வைக்கிறார்கள். யூடியூபிலும் கூகுள் டிவியிலும் பின்னணியின் அடர்த்தியைச் சதவீதமாக மாற்றலாம். பளிச்சென்ற வெள்ளைக் காட்சியின் மேல் 75% கறுப்புப் பட்டை விழுந்தால் அடர்சாம்பல் ஆகும். வெள்ளை எழுத்துக்கு விகிதம் 10க்கு மேல் நிற்கும். 50% வைத்தால் சுமார் 4, அதாவது தரத்துக்குக் கீழே. 25% என்றால் 2 கூட இல்லை. அதனால் 75%க்குக் கீழே இறங்காதீர்கள். படமும் ஓரளவு தெரியும், எழுத்தும் நிற்கும்.

பட்டைக்குப் போட்டியாக வருவது நிழலும் விளிம்புக்கோடும். கண் நன்றாக இருப்பவர்களுக்கு மெல்லிய கறுப்பு விளிம்பு போதும், படமும் மறையாது. ஆனால் தமிழ் எழுத்தில் 'ணை', 'ழி' போன்றவற்றின் சுழிகள் நெருக்கமானவை. சிறிய அளவில் தடித்த விளிம்பு அந்த இடைவெளிகளை அடைத்துவிடும். கண்புரை உள்ளவர்களுக்கு நான் பட்டையைத்தான் சொல்வேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்ற தேர்வும் இருக்கிறது. அது அவர்களுக்குக் கூசும்.

இனி அளவு. அம்மா 43 அங்குல டிவியை 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையின் உயரம் சுமார் 53 செ.மீ. சப்டைட்டில் வரி திரை உயரத்தில் 5% என்றால் 2.7 செ.மீ.; அதில் ஆங்கிலச் சிற்றெழுத்தின் உடல் ஏறக்குறைய 1.3 செ.மீ. கண் மருத்துவரின் பலகையில் 6/18 வரியை ஒத்த அளவு இது. கண்ணாடி போட்டும் அந்த வரி வரைதான் படிக்க முடிகிறவர் என்றால், சப்டைட்டிலை எழுத்து எழுத்தாகத் துழாவுவார், வசனம் ஓடிவிடும். வசதியாகப் படிக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிதாக்கினால் நீளமான தமிழ்ச் சொற்கள் மடிந்து, இரண்டு வரி நான்காகி முகத்தை மறைக்கும். நாற்காலியை 2 மீட்டருக்கு நகர்த்தினாலே ஒன்றரை மடங்கு கிடைத்துவிடும். அதோடு அளவை ஒரு படி மட்டும் ஏற்றுவதே நல்லது.

எங்கே மாற்றுவது? கூகுள் டிவியில் Settings, Accessibility, Captions. ஒரே இடத்தில் மாற்றினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் எல்லாச் செயலிகளும் அதை மதிப்பதில்லை. சோதிக்க எளிய வழி: நீலத்தில் மஞ்சள் என்ற பாணியைத் தேர்ந்து, ஒவ்வொரு செயலியையும் திறந்து பாருங்கள். நிறம் மாறாத செயலிக்கு உள்ளேயே அமைப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். யூடியூபில் அது வீடியோவின் Captions பட்டியலுக்குள் இருக்கும். நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொரு சுயவிவரத்துக்கும் தனி என்பதால், அம்மாவுக்குத் தனிச் சுயவிவரம் வைத்தால் மற்றவர்களுக்குப் பட்டை வராது. நெட்ஃபிளிக்ஸ் இணையதளத்தில் Subtitle appearance பக்கத்தில் Background, Window என இரண்டு இருக்கும். முதலாவது எழுத்தை ஒட்டியே வரும், இரண்டாவது சுற்றியுள்ள முழுப் பெட்டி. முதலாவதை மட்டும் கறுப்பாக்கினால் போதும்.

எதுவுமே மாறவில்லையா? சப்டைட்டிலை அணைத்துப் பாருங்கள். அப்போதும் எழுத்து நின்றால் அது படத்தோடு சேர்த்துப் பதிக்கப்பட்டது. டிவிடி, புளூரே வட்டுகளில் அணைக்க முடியும், ஆனால் அங்கே எழுத்துகள் படமாகச் சேமிக்கப்பட்டிருப்பதால் நிறமும் எழுத்துருவும் பெரும்பாலும் நம் கையில் இல்லை. இந்த இரண்டுக்கும் நாற்காலியை நகர்த்துவதுதான் வழி.