ஆண்டு பட்ஜெட்டா, ரோலிங் ஃபோர்காஸ்ட்டா?

காலாண்டுக்குக் காலாண்டு நிலைமை மாறும் தொழிலில் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். ஒரு கணக்கைப் பார்ப்போம். காலாண்டுக்கு 1,000 பெட்டி விற்பனை, பெட்டிக்கு மூலப்பொருள் செலவு 40 என்று பட்ஜெட் போட்டாயிற்று. நடந்ததோ 800 பெட்டி, செலவு 50.

ஆண்டு பட்ஜெட்: திட்டமிட்ட மூலப்பொருள் செலவு 40,000, ஆனதும் 40,000. வித்தியாசம் பூஜ்யம் என்று அறிக்கை சொல்லும். விலை கால் பங்கு ஏறியதும் விற்பனை சரிந்ததும் அந்த வரியில் தெரியாது. எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

ரோலிங் ஃபோர்காஸ்ட்: காலாண்டு முடிந்ததும் அளவையும் விலையையும் தனித்தனியே திருத்தி, அடுத்த நான்கு காலாண்டுகளைப் புதிதாகக் கணிப்போம். விற்பனை 1,000-க்குத் திரும்பினால் 50,000 வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

உழைப்பு
பட்ஜெட்: வருடத்துக்கு ஒரு முறை பெரிய வேலை.
ஃபோர்காஸ்ட்: காலாண்டுதோறும் வேலை. எல்லாக் கணக்குத் தலைப்பையும் திருத்தப் போனால் ஆள் சோர்ந்துபோவார்கள். விற்பனை அளவு, விலை, மூலப்பொருள், விற்ற பணம் வசூலாகும் நாட்கள் போதும்.

பொறுப்பு
பட்ஜெட்: இலக்கு நகராது.
ஃபோர்காஸ்ட்: கணிப்பையே இலக்காக்கி ஊக்கத்தொகை கொடுத்தால், வேண்டுமென்றே குறைத்துச் சொல்வார்கள். கணிப்பின் தவறு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதுதான் அடையாளம்.

வாடகை, நிரந்தரச் சம்பளம், ஆண்டு இலக்கு ஆகியவற்றுக்கு பட்ஜெட் போதும். கொள்முதலையும் கையிருப்புப் பணத்தையும் ஃபோர்காஸ்ட்டை வைத்தே முடிவு செய்யுங்கள்.