நெல் விலைக்கு எளிய சராசரியும் ஈஎம்ஏயும்: பல போகங்கள் பயன்படுத்திய அனுபவம்

மட்டக்களப்பின் படுவான்கரையில் நெல் எடுத்து ஆலைக்குக் கொடுக்கும் வேலை எங்களுடையது. வெட்டுக் காலத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கிலோ என்ன விலைக்குப் போனது என்று எக்செல்லில் பதிந்து வருகிறோம். ஒரு நாள் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஈர நெல், காய்ந்த நெல், லொறி வரும் நேரம் எல்லாமே விலையை ஆட்டிவிடும். அதனால் அதன் பக்கத்தில் ஒன்பது நாள் சராசரி ஒன்றும் ஓடுகிறது. முதலில் எளிய நகரும் சராசரி மட்டும்தான் வைத்திருந்தோம். பிறகு அடுக்குக்குறி நகரும் சராசரியையும், அதாவது ஈஎம்ஏயையும் சேர்த்தோம். பல போகங்களாக இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன.

இரண்டையும் கணக்கிடும் விதம் இதுதான். B நிரலில் விலை, C இல் எளிய சராசரி, D இல் ஈஎம்ஏ.

```
C10: =AVERAGE(B2:B10)
D10: =C10
D11: =D10+0.2*(B11-D10)
```

எளிய சராசரிக்குக் கடைசி ஒன்பது நாளும் ஒரே எடை. பத்தாவது நாள் வந்ததும் மிகப் பழைய நாள் அப்படியே வெளியே போய்விடும். ஈஎம்ஏயில் எதுவும் வெளியே போவதில்லை. இன்றைய விலைக்கு 20 சதவீத எடை, நேற்றைக்கு 16, அதற்கு முந்திய நாளுக்கு 12.8 என்று தேய்ந்துகொண்டே போகும். அந்த 0.2 என்ற எண் 2/(N+1) என்ற வாய்பாட்டிலிருந்து வருகிறது. N என்பது நாட்களின் எண்ணிக்கை. அது ஒன்பது என்றால் 2/10.

“ஈஎம்ஏ வேகமானது, எளிய சராசரி பிந்தியது” என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் இது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாவிட்டால் வெட்டுக் காலத்தில் காசு போகும்.

முதலில் அது உண்மையாக இருக்கும் இடத்தைப் பார்ப்போம். விலை 100 ரூபாயில் நின்று, ஒரே நாளில் 110 ஆகி அங்கேயே தங்குகிறது என்று வையுங்கள். அரசு உத்தரவாத விலையை அறிவித்தாலோ, வெளி மாவட்ட ஆலைக்காரர்கள் திடீரென்று வந்து இறங்கினாலோ இப்படி நடக்கலாம். முதல் நாள் எளிய சராசரி 101.11, ஈஎம்ஏ 102. மூன்றாம் நாள் 103.33, 104.88. இதுவரை ஈஎம்ஏ தெளிவாக முன்னால். ஏழாம் நாள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று: 107.78, 107.90. எட்டாம் நாள் எளிய சராசரி முந்திவிடுகிறது. ஒன்பதாம் நாள் அது சரியாக 110க்கு வந்துவிடும், ஈஎம்ஏயோ 108.66 இல்தான் நிற்கும். பழைய 100 ரூபாயை அது இன்னும் மறக்கவில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்பது நாள் எளிய சராசரியில் உள்ள விலைகளின் சராசரி வயது நான்கு நாள். ஈஎம்ஏயின் எடைகளை வைத்து அதே கணக்கைப் போட்டாலும் விடை நான்கு நாள்தான். 2/(N+1) என்ற வாய்பாடே இந்த இரண்டையும் சமப்படுத்துகிறது. புதிய விலைக்குக் கொடுத்த கூடுதல் எடையை, ஈஎம்ஏ மிகப் பழைய விலைகளின் நீண்ட வாலில் ஈடுசெய்துவிடுகிறது.

எங்கள் தொழிலுக்கு முக்கியமான விடயம் இங்கேதான் இருக்கிறது. பெரும்போக வெட்டு சூடு பிடித்தால் விலை ஒரே நாளில் விழுவதில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் வீதம் தொடர்ந்து இறங்குகிறது என்றால், இரண்டு சராசரிகளுமே சந்தை விலையைவிட நான்கு ரூபாய் மேலே நிற்கும். தாமதம் நான்கு நாள், நாளொன்றுக்கு ஒரு ரூபாய், ஆக நான்கு ரூபாய். எதைப் போட்டாலும் அந்த நான்கு ரூபாய் குறையாது.

ஆலையை நடத்தும் மாமா ஒருமுறை திரையைப் பார்த்துவிட்டு, “விலை சராசரிக்கு நாலு ரூபா கீழ கிடக்கு மருமகன், மலிவுதானே, எடுப்பம்” என்றார். “அது மலிவு இல்ல மாமா, சராசரி பிந்தி வாறது. நாளைக்கும் இதே நாலு ரூபா நிண்டா விலை இன்னும் இறங்குதெண்டுதான் அர்த்தம்” என்றேன். அன்றிலிருந்து நாங்கள் பார்ப்பது சராசரியை அல்ல, இடைவெளி மாறுகிறதா என்பதைத்தான். இடைவெளி மாறாமல் இருந்தால் இறக்கம் அதே வேகத்தில் போகிறது. சுருங்கினால் இறக்கம் தளர்கிறது.

அந்தச் சுருக்கத்தை எது நன்றாகக் காட்டும்? ஈஎம்ஏ என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அதே ஒரு ரூபாய் வீதம் இறங்கி வந்த விலை ஓரிடத்தில் நின்றுவிட்டால், மூன்று நாளில் எளிய சராசரியின் இடைவெளி 1.67 ரூபாய்க்கு வந்துவிடும், ஈஎம்ஏயில் 2.05. ஐந்து நாளில் 0.67, 1.31. எட்டாம் நாள் எளிய சராசரியில் இடைவெளியே இல்லை. “விலை தரை தட்டிவிட்டதா” என்ற கேள்விக்கு எளிய சராசரிதான் முதலில் பதில் சொல்கிறது. நிற்காமல், இறங்கிய வேகத்திலேயே உடனே ஏறத் தொடங்கினால் ஈஎம்ஏ நான்காம் நாளில் மேலே திரும்பும், எளிய சராசரி ஐந்தாம் நாளில். வித்தியாசம் ஒரே ஒரு நாள். லொறி வாடகை பேசி, சாக்கு அனுப்பி, காசு புரட்டும் வேலையில் அந்த ஒரு நாள் எங்களுக்குப் பெரிதாகப் பட்டதில்லை. நிமிடத்துக்கு நிமிடம் பங்கு வாங்கி விற்பவருக்கு அது வேறு கதை.

அப்படியானால் ஈஎம்ஏயை ஏன் வைத்திருக்கிறோம்? எளிய சராசரியில் ஒரு தொல்லை இருக்கிறது. எல்லாரும் ஈர நெல் விற்கும் வாரத்தில், ஒரு நாள் மட்டும் யாரோ நன்றாகக் காய்ந்த பழைய நெல்லைக் கொண்டுவந்து, விலை 18 ரூபாய் கூடப் பதிவாகிவிட்டது என்று வையுங்கள். எளிய சராசரி அன்று இரண்டு ரூபாய் ஏறி, ஒன்பது நாளும் அதே உயரத்தில் நிற்கும். பத்தாம் நாள் அந்த விலை வெளியே போகும்போது திடீரென்று இரண்டு ரூபாய் விழும். சந்தையில் அன்று ஒன்றும் நடந்திருக்காது, ஆனால் கோடு விழும். சராசரி சட்டென்று குதித்தால் நான் முதலில் பார்ப்பது இன்றைய விலையை அல்ல, ஒன்பது வரிகளுக்கு மேலே இன்று வெளியே போன விலையை. ஈஎம்ஏ அதே நாளில் 3.60 ரூபாய் துள்ளும், அது கூடுதல்தான். ஆனால் மறுநாளே 2.88, பிறகு 2.30 என்று தானாகத் தேய்ந்து போகும், இரண்டாவது குதிப்பு வராது. எளிய கோடு மட்டும் சட்டென்று விழுந்து, ஈஎம்ஏ அசையாமல் இருந்தால், அது பழைய பதிவின் வேலை என்று உடனே தெரிந்துவிடும்.

தாமதத்தைக் குறைக்க வேண்டுமென்றால் நாட்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும். ஐந்து நாள் எளிய சராசரியின் தாமதம் இரண்டு நாள்தான், ஆனால் அந்த 18 ரூபாய்த் தவறான விலை அதை 3.60 ரூபாய் தூக்கிவிடும். சிறுபோகத்தில் வரத்துக் குறைந்து, நாளுக்கு ஒன்றிரண்டு விற்பனைதான் பதிவாகும் வாரங்களில் ஐந்து நாள் கோட்டை நாங்கள் பார்ப்பதே இல்லை. வரத்து நிறைந்த பெரும்போகத்தில் மட்டும் அதை ஒன்பது நாள் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறோம்.