குழுப் பெயரில் சேனலா, வேலைப் பெயரில் சேனலா?

ஸ்லாக் போன்ற அலுவலக அரட்டைச் செயலிகளில் சேனலுக்குப் பெயர் வைக்க இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, `#team-design`, `#team-backend` என்று ஆட்கள் இருக்கும் குழுவின் பெயரில் வைப்பது. மற்றொன்று, `#proj-refund`, `#proj-login` என்று நடக்கும் வேலையின் பெயரில் வைப்பது. சிறிய எழுத்து, இடைவெளிக்குப் பதில் கோடு, 80 எழுத்துக்குள் என்ற விதிகள் இரண்டுக்கும் பொது. முன்னொட்டு வைத்தால் அகரவரிசைப் பட்டியலில் ஒரே வகைச் சேனல்கள் அடுத்தடுத்து நிற்கும் என்பதும் அப்படியே.

என் பரிந்துரை வேலைப் பெயர்தான். பின்னால் தேடி வருபவருக்கு வேலை ஞாபகம் இருக்கும், அன்று அதை எந்தக் குழு பேசியது என்பது இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டு. ரீஃபண்ட் கேட்கும் காலத்தை 7 நாளிலிருந்து 14 நாளாக மாற்றியிருக்கிறார்கள். ஏன் என்று ஆறு மாதம் கழித்து ஒருவர் கேட்கிறார். குழுச் சேனல்கள் என்றால் திரை மாற்றம் வடிவமைப்பிலும், கணக்கு மாற்றம் பேக்எண்டிலும், காரணம் வாடிக்கையாளர் உதவியிலும் சிதறிக் கிடக்கும். `in:#team-backend refund` என்று தேடினால் அந்தக் குழு இத்தனை காலமும் ரீஃபண்ட் பற்றிப் பேசிய எல்லாமே வந்து விழும். `#proj-refund` இருந்தால் யோசனை முதல் வெளியீடு வரை ஒரே இடத்தில் வரிசையாகக் கிடைக்கும். வேலை முடிந்ததும் அதை ஆர்க்கைவ் செய்துவிடலாம். தேடலில் அப்போதும் வரும்.

குழுச் சேனல் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. விடுப்பு, முறைவேலை, இரண்டு நாளில் முடியும் சில்லறை வேலைகள் ஆகியவற்றுக்கு அதுவே சரி. இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் வேலைக்கு, அல்லது இரண்டு குழு சேரும் வேலைக்கு மட்டும் தனிச் சேனல் திறந்தால் போதும். இந்த அளவு பத்திருபது பேர் உள்ள இடத்துக்குச் சரிவரும். பல நூறு பேர் இருக்கும் இடத்தில் இதையே அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் தேடியது கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது சேனல் பெயரைவிட த்ரெட்டின் முதல் வரிதான். ஸ்லாக்கில் த்ரெட்டுக்குத் தலைப்பு கிடையாது. முதல் செய்திதான் தலைப்பு. அது "இதைப் பார்த்தீங்களா?" என்று ஒரு படத்தோடு தொடங்கி, நாற்பது பதில் கழித்து "சரி, அப்படியே போகலாம்" என்று முடிந்தால், முடிவு எழுதப்பட்டிருந்தும் அகப்படாது. தேடல் சொல்லைத்தான் பிடிக்கும். அந்தக் கடைசிப் பதிலில் பிடிக்க ஒரு சொல்லும் இல்லை.

எனவே முதல் வரியை இப்படித் தொடங்குங்கள்:

```
[கேள்வி] refund காலம்: 7 நாளா, 14 நாளா?
```

பேசி முடித்ததும், தொடங்கியவர் அதைத் திருத்த வேண்டும்:

```
[முடிவு] refund காலம்: 14 நாள், 2025-03-14
```

கடைசிப் பதிலையும் "ரீஃபண்ட் காலம் 14 நாள், காரணம் இது" என்று முழு வாக்கியமாக எழுதி, சேனலுக்கும் அனுப்பும் பெட்டியில் குறி இடுங்கள். கேள்வி, முடிவு, வெளியீடு என்ற மூன்று சொற்களுக்கு மேல் வேண்டாம். கூடினால் ஆளுக்கொன்றைப் போடுவார்கள். பேச்சில் முடிவு என்பது முடிவை, முடிவில் என்று உருமாறிப் போகும். அடைப்புக்குள் நிற்கும்போது மாறாது. அதனால்தான் `in:#proj-refund முடிவு` என்ற தேடல் பலிக்கிறது. பொருளின் பெயரையும் refund என்றோ ரீஃபண்ட் என்றோ முதல் வரிகளில் ஒரே எழுத்தில் வையுங்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது.

இதில் சிக்கல் இரண்டு. செய்தியை எழுதியவர் மட்டுமே அதைத் திருத்த முடியும். சில இடங்களில் நிர்வாகி அதற்கும் கால வரம்பு வைத்திருப்பார். எழுதியவர் விலகிவிட்டாலோ வரம்பு கடந்துவிட்டாலோ, [முடிவு] என்று புதுச் செய்தி போட்டுப் பழைய த்ரெட்டின் இணைப்பை அதில் சேர்க்க வேண்டியதுதான். இரண்டாவது, நடுவில் பேச்சு வேறு பொருளுக்குத் தாவுவது. "அப்படியே இன்னொண்ணு" என்று ஒரு பதில் வந்தாலே புது த்ரெட் தொடங்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பதில்களைப் பிறகு பிரித்தெடுக்க ஸ்லாக்கில் வழியில்லை.

இந்த இரண்டிலும் ஜூலிப் என்ற இன்னொரு அரட்டைச் செயலி மேல். அங்கே த்ரெட்டுக்குப் பெயர் உண்டு, அனுமதி உள்ள பிறரும் அதை மாற்றலாம், தடம் மாறிய செய்திகளை வேறு தலைப்புக்கு நகர்த்தலாம், முடிந்ததற்கு ✔ குறி இடலாம்.

ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: கடைசி 90 நாள் செய்திகளே அங்கே தெரியும். எவ்வளவு நல்ல பெயர் வைத்தாலும் அதற்கு முந்தியது தேடலில் வராது. [முடிவு] என்று மாற்றும் அன்றே அந்த வரியையும் காரணத்தையும் திட்ட ஆவணத்தில் ஒட்டிவிடுங்கள்.